கேஷுவாலிட்டி டிரையேஜ் கார்டு: சிவப்பு டேக் ஏன் எகிறுது?

"விபத்து மாக் டிரில்ல, யாரை முதல்ல பாக்கணும்னு பிரிச்சப்போ 20 பேர்ல 12 பேருக்கு உடனடி சிகிச்சைக்கான சிவப்பு டேக். கார்டுல எதை மாத்தணும்?"

காயங்களோட பெயரை எடுத்துடுங்க. 'எலும்பு முறிவு'ன்னு போட்டிருந்தா கண்ணு அங்கேதான் போகும். இதை மட்டும் கார்டுல வைங்க:

1. நடக்கிறாரா? பச்சை.
2. மூச்சு இல்லையா? தாடையைத் தூக்கிப் பாருங்க. வந்தா சிவப்பு, வரலைன்னா கருப்பு.
3. மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேலயா? சிவப்பு.
4. மணிக்கட்டுல நாடி கிடைக்கலையா, "கையை இறுக்கிப் பிடிங்க"ன்னா பிடிக்கலையா? சிவப்பு. மீதி மஞ்சள்.

ரத்தம் பீச்சினா மட்டும் நின்னு அழுத்திக் கட்டுங்க.

எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி ஷேர் ஆட்டோவை இடிச்சதா வைங்க. தொடை உடைஞ்சு அலறுறவருக்கு மூச்சு 24, நாடி இருக்கு, சொன்னதைச் செய்யறார்: மஞ்சள். பக்கத்துல காயமே தெரியாம சத்தமில்லாம உட்கார்ந்திருக்கவருக்கு மூச்சு 36: சிவப்பு. அந்த 12 பேரையும் இப்படி மறுபடி ஓட்டிப் பாருங்க.

இது பெரியவங்களுக்கு. சின்னக் குழந்தைக்கு மூச்சு 15க்குக் கீழ, 45க்கு மேலன்னா சிவப்பு. மூச்சில்லாம நாடி இருந்தா 5 ஊது கொடுத்துட்டுத்தான் முடிவு. பச்சைக்காரங்க ஆட்டோ பிடிச்சு ஆம்புலன்ஸுக்கு முன்னாடியே வந்து படுக்கையைப் பிடிச்சுடுவாங்க, அவங்களுக்கு ஓபி பக்கம் இடம் ஒதுக்கி, திரும்பத் திரும்பப் பாருங்க.