இரண்டு ஓசிஆர் கருவிகளை ஒப்பிட: முதலில் வரிசையைப் பொருத்துங்கள்

கேள்வி: நெல் கொள்முதல் பதிவேட்டுப் படங்களை இரண்டு ஓசிஆர் கருவிகளில் ஓட்டினேன். கட்டத்துக்குக் கட்டம் எது சரி என்று எப்படி அளப்பது?

பதில்: கையால் தட்டச்சு செய்து சரிபார்த்த ஒரே விடைத்தாளோடு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆனால் ரசீது எண்ணை வைத்து வரிசைகளைப் பொருத்திய பிறகுதான்.

மன்னார்குடிப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் 10 வரிசை, 5 நெடுவரிசை, ஆக 50 கட்டங்கள் என்று வையுங்கள். முதல் கருவி மூன்றாம் வரிசையை மட்டும் விட்டுவிடுகிறது. இடத்தை வைத்துப் பார்த்தால் கீழே உள்ளதெல்லாம் ஒரு வரி மேலேறி, ஏறக்குறைய 10 கட்டம்தான் தேறும். பொருத்திப் பார்த்தால் 45, அதாவது 90%. விடுபட்ட 5 கட்டங்களும் தவறுகளே. இரண்டாவது கருவி 8 எடைகளைத் தப்பாகப் படித்தால் 42, அதாவது 84%. வெல்லும் கருவியே மாறிவிடுகிறது!

ரசீது எண்ணே தப்பாக வாசிக்கப்பட்டிருந்தால், மற்றக் கட்டங்கள் அதிகம் ஒத்துப்போகும் வரிசையோடு பொருத்துங்கள். விடைத்தாள், கருவியின் வெளியீடு இரண்டிலும் காற்புள்ளி, இடைவெளிகளை நீக்கலாம். தசமப் புள்ளியைத் தொடாதீர்கள், 40.5 என்பது 405 ஆகிவிடும்.