'மெயில் போதும்' என்று அதிகாரி சொன்னாலும்…

கேள்வி: பொதுத்துறை நிறுவனம் ஒன்றுக்கு 8,40,000 ரூபாய்க்கு இரும்புத் தாங்கிகள் செய்து தருகிறோம். டெலிவரி தேதி ஆகஸ்ட் 31. எங்கள் டிராயிங்குக்கு அவர்கள் ஒப்புதல் தர 19 நாள் ஆகிவிட்டது. எங்கள் பக்கமும் கொஞ்சம் தாமதம். மூன்று வாரம் கூடுதலாக வேண்டும். கொள்முதல் அதிகாரி, "ஒரு மெயில் போட்டுடுங்க, போதும்" என்கிறார். லெட்டர்ஹெட்டில் எழுத வேண்டுமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: எழுதுங்கள். அந்த அதிகாரி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் தேதியை மாற்றுவது பெரும்பாலும் அவர் ஒருவர் கையில் இருக்காது. கோப்பில் குறிப்பு எழுதி, மேலே அனுப்பி, தேவைப்பட்டால் நிதிப் பிரிவும் பார்த்த பிறகுதான் பி.ஓ. எனும் கொள்முதல் ஆணைக்குத் திருத்தம் வெளிவரும். அந்தக் குறிப்புக்கு அடியில் வைக்க ஒரு தாள் வேண்டும். மெயில் அவருடைய பெட்டியிலேயே தங்கிவிட்டால், அவர் மாற்றலாகிப் போகும் நாளில் உங்கள் கோரிக்கையும் போய்விடும். மெயிலுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை என்பதல்ல. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது. சிக்கல் அலுவலகத்தின் நடைமுறையில்.

கடிதம் ஆகஸ்ட் 31-க்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பெயருக்கு அல்ல, பதவிக்கு எழுதுங்கள், பி.ஓ.வில் கையெழுத்திட்டவரின் பதவி எதுவோ அதற்கு. மேலே உங்கள் கடித எண், தேதி. 'பொருள்' வரியில் பி.ஓ. எண்ணும் கேட்பது என்ன என்பதும் இருக்க வேண்டும். 'பார்வை' வரியில் டிராயிங் அனுப்பிய மெயிலின் தேதி, ஒப்புதல் வந்த மெயிலின் தேதி. அந்த இரண்டு மெயில்களையும் அச்செடுத்து இணைப்பாக வையுங்கள். அன்றன்று போட்ட சின்ன மெயில்கள் சாட்சியாக நிற்பது இங்கேதான்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "கால நீட்டிப்பு தரவும்" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். நீட்டிப்பும் வரும், கூடவே 'தாமதப் பிடித்தம் செய்யும் உரிமைக்கு உட்பட்டு' என்ற வரியும் வரும். பில்லில் பணம் குறையும்போதுதான் அது கண்ணில் படும். நீட்டிப்பு வேறு, பிடித்தம் இல்லாத நீட்டிப்பு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். பி.ஓ.வில் டிராயிங் ஒப்புதலுக்கு 7 நாள் என்று இருந்தால், 19-இல் 7 போக 12 நாள் அவர்களால் ஆன தாமதம். நீங்கள் கேட்கும் 21 நாளில் மீதி 9 நாள் உங்களுடையது. வாரத்துக்கோ அதன் பகுதிக்கோ அரை சதவீதம் என்பது பரவலாகக் காணும் விதி. அதன்படி 21 நாளுக்குப் பிடித்தம் 12,600 ரூபாய். 9 நாளுக்கு இரண்டு வாரக் கணக்கில் 8,400. ஆகவே கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

"டெலிவரி தேதியை 21.09 வரை நீட்டித்து, பி.ஓ. திருத்தம் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம். இதில் 12 நாட்கள் டிராயிங் ஒப்புதலில் ஏற்பட்ட தாமதம் (இணைப்பு 1, 2). அந்த நாட்களுக்குப் பிடித்தம் இன்றி நீட்டிப்பு வழங்க வேண்டுகிறோம்."

21 நாளையும் அவர்கள் தலையில் கட்டப் பார்க்காதீர்கள். கோப்பைப் பார்ப்பவர் தேதிகளை ஒப்பிடுவார். ஒன்பது நாள் இடிக்கிறது என்று தெரிந்தால் நியாயமான 12 நாளையும் சந்தேகப்படுவார். காரணங்களை ஒரு பக்கத்துக்குள் முடித்து, கையெழுத்தும் நிறுவன முத்திரையும் வையுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போய்த் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் வரவு முத்திரையும் எண்ணும் வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்ட். அதே நாளில் கடிதத்தை ஸ்கேன் செய்து அதிகாரிக்கு மெயிலில் அனுப்புங்கள். மெயிலில் இரண்டே வரி போதும். அவர் கேட்டதும் நடந்துவிடும். ஒரு வாரம் கழித்து நினைவூட்டுவதும் மெயிலில்தான்: "எங்கள் கடித எண் இது, உங்கள் வரவு எண் இது, நிலை என்ன?" வரவு எண் கையில் இருந்தால் அவர் கோப்பைத் தேட வேண்டியிருக்காது.

பெரிய தனியார் நிறுவனமாக இருந்தால் வழி தலைகீழ். தபாலில் போன கடிதம் வரவேற்பு மேஜையிலேயே கிடக்கும். அங்கே மெயில்தான் முதல். தலைப்பில் பி.ஓ. எண், முதல் வரியில் கேட்பது. ஆனால் தேதி, விலை, அளவு மாறும்போது கையெழுத்திட்ட கடிதத்தை பி.டி.எஃப்.பாக இணைத்து, திருத்தப்பட்ட பி.ஓ.வைக் கேட்டு வாங்குங்கள். "ஓகே, அனுப்புங்க" என்ற பதில் மெயிலைப் பில் போடும் பிரிவு பார்க்காது. அவர்கள் கணினியில் பழைய தேதிதான் இருக்கும். பிடித்தமும் அதை வைத்தே விழும்.

திருத்தம் வந்ததும் அதில் புதிய தேதியோடு பிடித்தம் பற்றிய வரியையும் படியுங்கள். 12 நாள் விலக்கு விடுபட்டிருந்தால் சரக்கு ஏற்றும் முன்பே, அந்தத் திருத்த எண்ணைக் குறிப்பிட்டு, மறுபடி லெட்டர்ஹெட்டில் எழுதுங்கள்.