நீள்வட்டத்தின் அச்சு வேறு, ஐகன் திசை வேறு

கேள்வி: அசைன்மென்ட்டில் தந்த அணியின் ஐகன் மதிப்பும் வெக்டரும் கண்டுபிடித்துவிட்டேன். வடிவியல் விளக்கத்துக்கு, வட்டம் நீள்வட்டமாகும் படத்தை வரைந்து அதன் அச்சுகளைக் காட்டினால் போதுமா?

போதாது. இதே படத்தால் இரண்டாம் ஆண்டில் சரியான விடையை அழித்துவிட்டுத் தவறானதை எழுதியவன் நான். உங்கள் அசைன்மென்ட்டிலும் முதல் கணக்கு சமச்சீர் அணியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் வந்தது. அதில் நீள்வட்டத்தின் அச்சுகளும் ஐகன் திசைகளும் அப்படியே பொருந்தின. அடுத்த கணக்கு இது:

```
A = [3 1]
    [0 2]
```

(3−λ)(2−λ) = 0 என்பதால் λ = 3, 2. λ = 3 போட்டால் y = 0, எனவே திசை (1, 0). λ = 2 போட்டால் x + y = 0, எனவே திசை (1, −1). இதுவரை சரி. அப்புறம் கிராஃப் தாளில் அலகு வட்டத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக A-ஆல் பெருக்கிக் குறித்தேன். வந்த நீள்வட்டத்தின் நெட்டச்சு x-அச்சிலிருந்து சுமார் 17° சாய்ந்திருந்தது. மூன்று முறை கணக்கைச் சரிபார்த்தேன், தவறு தெரியவில்லை. கடைசியில் படத்தை நம்பி, (1, 0)-ஐ அழித்துவிட்டு (1, 0.3) என்று எழுதினேன்.

ஒரே ஒரு பெருக்கல் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். A-ஆல் பெருக்கினால் (1, 0.3) என்பது (3.3, 0.6) ஆகிறது. அதன் சாய்வு 0.3 இல்லை, 0.18தான். வெக்டர் தன் கோட்டைவிட்டு விலகிவிட்டது, ஆகவே அது ஐகன் வெக்டர் இல்லை. நான் எழுதிக் கொடுத்த இரண்டில் (1, −1) மட்டும் (2, −2) ஆகி அதே கோட்டில் நிற்கிறது.

நெட்டச்சு காட்டுவது வேறு விஷயம்: எந்தப் பக்கம் வெளிவரும் வெக்டர் மிக நீளமாக இருக்கிறது என்பதை. அந்த நீளம் சுமார் 3.26, பெரிய ஐகன் மதிப்பான 3-ஐவிடவே அதிகம். நீள்வட்டத்தின் அச்சுகள் AAᵀ என்ற அணியின் ஐகன் திசைகள். A சமச்சீராக இருந்தால் அவை A-யின் ஐகன் திசைகளும் ஆகும். "அச்சுதான் ஐகன் வெக்டர் என்று எங்கள் சார் சொன்னாரே" என்று கமெண்ட்டில் வருபவர்களுக்கு: அவர் சமச்சீர் அணியைப் பற்றிச் சொல்லியிருப்பார். நான் அதை மறுக்கவில்லை.

எனக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது. அது இன்றும் வலிக்கவில்லை. ஒரு சிவப்புக் கோடு மட்டும் போட்டு, ஏன் தவறு என்று ஒரு வரிகூட எழுதாமல் தாளைத் திருப்பித் தந்ததுதான் வலிக்கிறது. அறுபது தாள் திருத்துபவருக்கு நேரமில்லை என்பது புரிகிறது. ஆனாலும் "பெருக்கிப் பார்" என்று இரண்டு சொல் எழுதியிருக்கலாம்.

விளக்கத்தில் நீங்கள் வரைய வேண்டியது இரண்டு ஐகன் கோடுகளையும், அவற்றின்மேல் இல்லாத ஒரு வெக்டரையும். இந்த அணிக்கு (0, 1)-ஐ எடுங்கள். அது (1, 0) − (1, −1). முதல் பகுதியை 3 மடங்கும் அடுத்ததை 2 மடங்கும் நீட்டினால் (3, 0) − (2, −2), அதாவது (1, 2). நேரடியாகப் பெருக்கினாலும் அதேதான் வரும். இரண்டு பகுதிகளும் தத்தம் கோட்டிலேயே நீள்கின்றன, நீளும் அளவுதான் வேறு. (0, 1) திரும்புவது அதனால்தான் என்று படத்துக்குக் கீழே எழுதுங்கள்.