+65-க்கும் +675-க்கும் நடுவில் போன 180 ரூபாய்

கேள்வி: எங்கள் அப்பத்தா கண்டனூர் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். போன வாரம் வந்த மிஸ்டு காலை சிங்கப்பூர் சித்தப்பா என்று நினைத்துத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்பர் +675 என்று ஆரம்பிக்கிறது. 3 நிமிடம் 10 வினாடியில் மெயின் பேலன்ஸ் 212 ரூபாயிலிருந்து 32 ஆகிவிட்டது. “யாருமே எடுக்கலையே, மணிதானே அடிச்சுச்சு” என்கிறார்கள். அன்லிமிடெட் பேக் வேறு போட்டிருக்கிறேன். பணம் எப்படிப் போனது? பேங்க் கணக்குக்கும் ஆபத்தா?

பதில்: முதலில் அப்பத்தாவின் பயத்தைப் போக்கிவிடுங்கள். திரும்பக் கூப்பிட்டதால் மட்டும் பேங்க் பணம் போகாது. ஓடிபி, கார்டு எண் எதையும் சொல்லவில்லை என்றால் நஷ்டம் அந்த 180 ரூபாயோடு முடிந்தது. ப்ரீபெய்டில் மெயின் பேலன்ஸில் இருப்பதற்கு மேல் எடுக்க வழியில்லை.

சிங்கப்பூரின் குறியீடு +65. +675 பப்புவா நியூ கினி. வயதான கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்புறம், உங்கள் வீட்டை யோசித்துப் பாருங்கள். போன் முகப்பில் இருக்கும், அப்பத்தா அடுப்படியில் இருப்பார்கள். வளவைத் தாண்டி வந்து சேர்வதற்குள் நல்ல காலே நின்றுவிடும். ஒரே மணியில் துண்டிக்கப்பட்ட காலையும், தான் எடுக்கத் தவறிய காலையும் அவர்களால் எப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்? பிள்ளைகள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பக்கத்து வீடுகளில் + போட்ட நம்பர் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை. அவர்கள் மேல் குறையே இல்லை.

இனி பணம் போன வழி. அன்லிமிடெட் பேக் இந்தியாவுக்குள் பேசுவதற்குத்தான். ஐஎஸ்டி கால் மெயின் பேலன்ஸிலிருந்து, பெரும்பாலும் முழு நிமிடக் கணக்கில் கழியும். 3 நிமிடம் 10 வினாடி என்றால் 4 நிமிடம். 180 ரூபாயை 4-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 45 ரூபாய். நாலாவது நிமிடத்தில் பேசியது 10 வினாடிதான், ஆனாலும் முழு 45 ரூபாய் போய்விட்டது.

மணிதானே அடித்தது என்கிறார்களே, அதுதான் இந்த மோசடியின் சாமர்த்தியம். மறுமுனை எடுத்தால்தான் கட்டணம் ஓடும். அங்கே ஒரு இயந்திரம் காலை எடுத்துவிட்டு, பதிவு செய்த மணியோசையை ஓட விடுகிறது. அப்பத்தா காத்திருக்க, மீட்டர் ஓடியிருக்கிறது. எடுக்கப்படாத காலுக்குப் பணம் கழிந்திருந்தால் நடந்தது இதுதான் என்று கொள்ளலாம்.

உங்கள் கம்பெனி அந்த 180 ரூபாயில் தன் பங்கை வைத்துக்கொண்டு, மீதியை காலைக் கொண்டுசேர்க்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும். சில சிறிய நாடுகளின் எண்களுக்கு அந்தக் கட்டணம் அதிகம். அப்படிப்பட்ட எண்களைக் கொத்தாக வாடகைக்கு எடுக்கும் இடைத்தரகர், கால் வரவழைத்துத் தருபவனுக்குப் பங்கு தருகிறார். சில சமயம் கால் அந்த நாட்டுக்கே போவதில்லை, வழியிலேயே வேறு எங்கோ திருப்பப்படும். அதனால் பப்புவா நியூ கினியில் யாரோ உட்கார்ந்து ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டாம். மிஸ்டு கால் கொடுக்க மோசடிக்காரனுக்குச் செலவு அநேகமாக இல்லை, காரணம் நாம் எடுப்பதற்குள் துண்டித்துவிடுகிறான். இந்தத் தந்திரத்துக்கு ‘வாங்கிரி’ என்று பெயர். ஜப்பானியச் சொல், ‘ஒரு மணி, துண்டிப்பு’ என்று பொருள்.

சரி, செய்ய வேண்டியது. அப்பத்தா சிம்மில் வெளிச்செல்லும் ஐஎஸ்டி வசதியை நிறுத்தச் சொல்லிக் கஸ்டமர் கேரில் கேளுங்கள். சித்தப்பா கூப்பிடுவது நிற்குமோ என்று வீட்டில் தயங்குவார்கள். நிற்காது. வெளிநாட்டிலிருந்து வரும் கால் வழக்கம்போல வரும், எடுக்கக் காசும் இல்லை. அப்பத்தா பேச நினைத்தால் வாட்ஸ்அப்பில் பேசட்டும், அதில் டேட்டா மட்டுமே செலவு. அடுத்த ரீசார்ஜில் பேக்கை மட்டும் போடுங்கள், டாக்டைம் வேண்டாம். மெயின் பேலன்ஸ் இல்லையென்றால் ஐஎஸ்டி கால் போகவே போகாது. நீங்கள் போஸ்ட்பெய்டு வைத்திருந்தால் உங்கள் சிம்மையும் கவனியுங்கள், அங்கே பில் வந்த பிறகுதான் தெரியும்.

சித்தப்பா நம்பரை +65 சேர்த்துப் பெயரோடு பதிந்து வையுங்கள். பெயர் வராத + நம்பரைத் தொட வேண்டாம் என்று சொன்னால் அப்பத்தாவுக்குப் போதும். +91 போட்டு வரும் பத்து இலக்க மொபைல் நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டால் இப்படிப் பணம் கழியாது, அங்கே ஆபத்து எதிராளியின் பேச்சில்தான்.

180 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கை தர மாட்டேன், நாமே டயல் செய்த கால் என்பார்கள். ஆனாலும் 198-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். ப்ரீபெய்டுக்கும் 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் கால் விவரப் பட்டியல் கேட்டு வாங்கலாம். அந்த நம்பரை sancharsaathi.gov.in தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் பதிவு செய்யுங்கள். நம்பரையும் நேரத்தையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கால் பட்டியலில் பழையது அழிந்துவிடும்.