ஓடிபி மெசேஜா, அத்தென்டிகேட்டர் ஆப்பா: எது எந்தத் திருடனை நிறுத்தும்?

கேள்வி: என் மச்சினர் போனில் திடீரென்று டவர் போய்விட்டது. மறுநாள் பார்த்தால் வங்கிக் கணக்கில் பணம் இல்லை. அத்தென்டிகேட்டர் ஆப் போட்டுவிட்டால் ஓடிபி திருட்டே நடக்காது என்கிறான் மகன். ஆனால் என் வங்கி ஆப்பில் அதை எங்கே போடுவது என்றே தெரியவில்லை. மெசேஜில் வரும் ஓடிபியை விட்டுவிடலாமா? போன் தொலைந்தால் என்ன செய்வது, சார்?
— வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உங்கள் ஜிமெயிலுக்கு இன்றே ஆப்பைப் போடுங்கள். டீமேட் கணக்கு இருந்தால் அதற்கும் போடுங்கள். நம் வங்கிகளில் பெரும்பாலானவை அந்த வசதியையே தருவதில்லை, அதனால்தான் தேடியும் கிடைக்கவில்லை. மெசேஜ் ஓடிபியை விடுவது உங்கள் கையில் இல்லை. சிம் கைமாறினாலும் மின்னஞ்சல் கைமாறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

மச்சினருக்கு நடந்தது பெரும்பாலும் சிம் மாற்று மோசடிதான். ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறது என்று நினைக்கிறோம். அது வருவது உங்கள் நம்பருக்கு. அந்த நம்பர் எந்த சிம்மில் இருக்கிறது என்று முடிவு செய்வது தொலைபேசி நிறுவனத்தின் கணினி. திருடன் போலி அடையாள அட்டையோடு ஏதோ ஒரு கடைக்குப் போய் 'சிம் தொலைந்துவிட்டது' என்பான். இல்லையென்றால் உங்களையே கூப்பிட்டு, '5ஜி-க்கு மாற்றுகிறோம், இப்போது ஒரு கால் வரும், 1 அழுத்துங்கள்' என்பான். நீங்கள் அழுத்தியதும் புது சிம்முக்கு, அல்லது இ-சிம்முக்கு நீங்களே சம்மதம் கொடுத்ததாகிவிடும். சற்று நேரத்தில் உங்கள் சிம் செத்துவிடும்.

புதிதாக மாற்றிய சிம்முக்கு முதல் 24 மணி நேரம் மெசேஜ் வராது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. பணம் மறுநாள் போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். டவர் போன அந்த ஒரு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். மழைக்காலம், டவர் கோளாறு என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவருக்கு டவர் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், இன்னொரு போனிலிருந்து உடனே கஸ்டமர் கேரைக் கூப்பிடுங்கள். 'டவர் ஏன் இல்லை' என்று கேட்டால் போனை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். 'என் நம்பருக்குப் புது சிம் கொடுத்தீர்களா, இ-சிம்மாக மாற்றினீர்களா' என்று கேளுங்கள். ஆம் என்றால் நம்பரை முடக்கச் சொல்லிவிட்டு, வங்கியைக் கூப்பிட்டு நெட் பேங்கிங்கையும் யுபிஐ-யையும் நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். அந்த 24 மணி நேரத் தடை மெசேஜுக்கு மட்டும்தான். ஓடிபியைக் கால் மூலம் வாசித்துக் காட்டும் சேவைகளுக்கு அது பொருந்தாது.

ஆனால் ஓடிபி மட்டும் கிடைத்தால் திருடனுக்குப் போதாது. பாஸ்வேர்டும் வேண்டும். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் பல சேவைகளில் புது பாஸ்வேர்ட் போடும் லிங்க் மின்னஞ்சலுக்குத்தான் வரும். வங்கி ஸ்டேட்மென்ட், பான் அட்டை நகல், ஆதார் பிடிஎஃப் எல்லாம் கிடப்பதும் அங்கேதான். அந்த மின்னஞ்சலையும் சிம்மையே நம்பி வைத்திருந்தால் ஒரே சாவியில் வீடும் பீரோவும் திறந்துகொள்ளும். ஆப் உதவுவது இந்த இடத்தில்தான்.

ஆப் எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அமைக்கும்போது திரையில் ஒரு கட்டம் கட்டமான க்யூஆர் வரும். அதற்குள் இருப்பது இப்படி ஒரு வரி:

```
otpauth://totp/Google:peyar@example.com?secret=JBSWY3DPEHPK3PXP&issuer=Google
```

`secret=` என்பதற்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்தான் ரகசியம். அதையும் அந்த நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு 6 இலக்க எண்ணை ஆப் காட்டுகிறது. அந்தப் பக்கம் கூகுளும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறது. எதுவும் நெட்வொர்க்கில் வருவதில்லை, அதனால் சிம்மே இல்லாத போனிலும் எண் காட்டும். சிம்மைத் திருடியவனுக்கு இது கிடைக்காது. போனில் நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தால் மட்டும் எண் தப்பாக வரும். தேதி, நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள்.

இனி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது. இந்த க்யூஆரை வேறு யார் போனிலும் ஸ்கேன் செய்ய விடாதீர்கள். மொபைல் கடைப் பையன், ஆன்லைன் சென்டர் ஆள், டீமேட் திறந்துகொடுக்கும் ஏஜென்ட், 'நானே செட் பண்ணித் தருகிறேன், ஐந்து நிமிஷம்' என்று சொல்லும் யாரும் வேண்டாம். அவர் ஒரு போட்டோ எடுத்தால் போதும், உங்கள் ஆப் காட்டும் அதே எண்ணை அவர் போனும் காட்டிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினாலும் அந்த ரகசியம் மாறாது. பழைய அத்தென்டிகேட்டரை நீக்கிவிட்டுப் புது க்யூஆர் போட்டால்தான் அவர் போனில் ஓடும் எண் செல்லாமல் போகும். இதேபோல் வங்கிக் கணக்கு திறக்கும்போதும் டீமேட் திறக்கும்போதும் 'ஓடிபி வர லேட்டாகும்' என்று தங்கள் நம்பரையோ மின்னஞ்சலையோ எழுதிக்கொள்ளும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். உங்கள் பெயரில் இருக்கும் எல்லாக் கணக்கிலும் யாருடைய நம்பர் இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஜிமெயிலில் போகவேண்டிய இடம் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்ள `2-Step Verification`. அதில் Authenticator-ஐத் தேர்ந்து, உங்கள் போனில் ஸ்கேன் செய்து, ஆப் காட்டும் எண்ணைப் போடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பக்கத்தில் உங்கள் மொபைல் நம்பரும் இன்னொரு வழியாக உட்கார்ந்திருக்கும். திருடன் 'வேறு வழியில் முயல்கிறேன்' என்று அழுத்தினால் கூகுள் மெசேஜே அனுப்பிவிடும். ஆப் போட்டதற்கே பயனில்லாமல் போகும். பேக்கப் எண்களை எடுத்து வைத்தபிறகு (கீழே சொல்கிறேன்) அந்த நம்பரை அங்கிருந்து நீக்குங்கள். `Recovery phone` என்பது தனி இடம். அங்கே வங்கியோடு இணைக்காத, வீட்டில் ஒருவரின் நம்பரைக் கொடுங்கள்.

மகன் சொன்னதில் பாதிதான் சரி. ஆப்பாலும் நிறுத்த முடியாத திருட்டு ஒன்று உண்டு. 'இன்றிரவு 9:30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று லிங்கோடு ஒரு மெசேஜ் வருகிறது என்று வையுங்கள். திறந்தால் கூகுள் லாகின் போலவே ஒரு பக்கம். நீங்கள் பாஸ்வேர்ட் போட்டதும், அந்தப் பக்கத்தை நடத்துபவனின் கணினி அதை உண்மையான கூகுளில் போடுகிறது. கூகுள் 6 இலக்க எண் கேட்கிறது, போலிப் பக்கமும் உங்களிடம் கேட்கிறது. ஆப்பைத் திறந்து பார்த்துப் போடுகிறீர்கள். சில விநாடிகளில் அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, அவன் உள்ளே நுழைந்துவிடுகிறான். 30 விநாடியில் எண் காலாவதியானாலும் பயனில்லை. உள்ளே போனவனுக்கு மறுபடி எண் தேவைப்படாது. மெசேஜ் ஓடிபியாக இருந்தாலும் இதே கதைதான். 'ஸ்கிரீனைக் காட்டுங்கள், சரி செய்கிறேன்' என்று திரைப்பகிர்வு ஆப்பை நிறுவச் சொல்பவனுக்கும் இரண்டும் தெரிந்துவிடலாம். போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்ஆப்பில் வரும் `.apk` கோப்பை நிறுவி, அது கேட்கும் அனுமதிகளைக் கொடுத்துவிட்டால், மெசேஜையெல்லாம் அது படித்து அனுப்பிவிடும். அதில் 'அக்ஸஸிபிலிட்டி' அனுமதியையும் கொடுத்தால் ஆப் காட்டும் எண்ணையும் படிக்கக்கூடியவை இருக்கின்றன.

போலிப் பக்கத்தை நிறுத்துவது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகை அல்லது திரைப்பூட்டால் உள்ளே போகும் முறை. அது எந்த இணைய முகவரிக்காக உருவாக்கப்பட்டதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், போலி முகவரியில் கைரேகை வைத்தாலும் திறக்காது. ஜிமெயிலில் அந்த வசதி இருக்கிறது, ஆப்போடு சேர்த்து அதையும் போடுங்கள்.

மெசேஜுக்கு ஆப்பிடம் இல்லாத ஒரு நல்ல குணமும் உண்டு. வங்கி அனுப்பும் ஓடிபி மெசேஜைப் பாருங்கள்: எவ்வளவு ரூபாய், யாருக்கு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். ஆப் காட்டும் எண் எதற்கென்று ஒரு வார்த்தையும் சொல்லாது. '10 ரூபாய் கட்டினால் பார்சல் வரும்' என்பவன் கேட்கும் ஓடிபி மெசேஜில் 49,000 என்று இருந்தால், அங்கேயே நிறுத்திவிடலாம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போடும் பழக்கத்தை விடுங்கள். தொகையை முதலில் படியுங்கள்.

இத்தனை வருஷமாக நாம் கேட்டும் வங்கிகள் இந்த விஷயத்தில் அசைந்து கொடுக்கவில்லை. இலவச மின்னஞ்சலுக்குக் கிடைக்கும் பூட்டு வாழ்நாள் சேமிப்புக்குக் கிடைக்கவில்லை என்பது கோபம் வரவைக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள் மெசேஜ் தவிர வேறு முறைகளுக்கும் வழி திறந்திருக்கின்றன, 2026 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறை. ஆனால் மெசேஜ் ஓடிபியைக் கைவிடச் சொல்லவில்லை. உங்கள் கிளையில் எழுத்தில் கேளுங்கள்.

போன் தொலைவது பற்றிக் கேட்டீர்கள். இங்கே ஒரு சிக்கலைப் பொறுமையாகப் படியுங்கள். கூகுள் அத்தென்டிகேட்டர் 2023 முதல் உங்கள் எண்களைக் கூகுள் கணக்கிலேயே சேமித்துவைக்கும். புது போனில் அதே ஜிமெயிலால் உள்ளே போனால் எல்லாம் திரும்ப வந்துவிடும். டீமேட்டுக்கு இது சரி. ஆனால் ஜிமெயிலுக்கே அந்த ஆப்தான் காவல் என்றால்? உள்ளே போக எண் வேண்டும், எண் கிடைக்க உள்ளே போக வேண்டும். நம்பரையும் நீக்கியிருப்பீர்கள். வெளியே நின்றுவிடுவீர்கள்.

அதனால் நம்பரை நீக்குவதற்கு முன்பே `Backup codes` என்ற இடத்துக்குப் போங்கள். 8 இலக்க எண்கள் 10 கொடுக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். தாளில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். போன் கவருக்குள்ளும் பர்ஸிலும் வேண்டாம், போனோடு சேர்ந்து அதுவும் போகும். போனில் போட்டோ எடுத்து வைப்பதும் அப்படித்தான். பின்னாளில் புதிதாக 10 எண் எடுத்தால் பழைய தாள் செல்லாது, கிழித்துவிடுங்கள்.

வீட்டில் பழைய போன் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஜிமெயிலுக்கு ஆப் அமைக்கும்போது, திரையில் இருக்கும் அதே க்யூஆரை இரண்டு போனிலும் ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு அடுத்த திரைக்குப் போங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். பழைய போனில் சிம் வேண்டாம், சார்ஜ் இருந்தால் போதும். திரைப்பூட்டு மட்டும் போட்டுவையுங்கள். இப்போதைய போனை விற்கவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ போகிறீர்களென்றால், புது போனில் எண் சரியாக வருகிறதா என்று ஒருமுறை லாகின் செய்து பார்த்தபிறகு, கொடுக்கப்போகும் போனில் உள்ளதை அழித்துவிடுங்கள்.