நெற்றியில் கல் போல வீங்கினால் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

"மூன்று வயது மகன் ஓடும்போது மேசை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டான். சில நிமிடங்களில் கல்லு மாதிரி புடைத்துவிட்டது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?"

இடித்ததும் அழுதான், தூக்கியதும் அடங்கினான், இப்போது வழக்கம்போலப் பேசி விளையாடுகிறான் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கும் எனக்கு, இந்தப் புடைப்பைப் பார்த்துக் கை நடுங்க வரும் பெற்றோரின் பயம் நன்றாகப் புரிகிறது.

நெற்றித் தோலுக்குக் கீழே சதை குறைவு, ரத்தக் குழாய்கள் அதிகம். அவை உடைந்து கசியும் ரத்தத்தை எலும்பு உள்ளே விடாது. அதனால்தான் அது வெளிப்பக்கம் கெட்டியாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. வீக்கம் எவ்வளவு பெரிது என்பதை வைத்து மூளைக்கு அடிபட்டதா என்று சொல்ல முடியாது. இடம்தான் முக்கியம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ வீக்கம் வந்தால், குறிப்பாகத் தொட்டால் மெத்தென்று அமுங்கினால், அடியில் எலும்பு விரிசல் இருக்கலாம். அப்போது காத்திருக்க வேண்டாம்.

துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள், விட்டுவிட்டு மறுபடி வைக்கலாம். தேய்த்துவிடாதீர்கள், கசிவு கூடும்.

அப்புறம் அவனைக் கவனியுங்கள். முதல் ஆறு மணி நேரம் நெருக்கமாக, அடுத்த ஒன்றிரண்டு நாள் ஒரு கண் வைத்து. அழுது முடித்து ஒரு தடவை வாந்தி எடுப்பது உண்டு. திரும்பத் திரும்ப எடுத்தால் கிளம்புங்கள். நினைவு தப்பியது, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தூங்கும் நேரமென்றால் தூங்கட்டும். தொட்டு எழுப்பினால் சிணுங்கித் திரும்பிப் படுக்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டால் அது சாதாரணத் தூக்கமில்லை.

மறுநாள் காலை இமை வீங்கிக் கறுத்திருக்கும், பலர் இதைப் பார்த்துத்தான் இரண்டாவது முறை ஓடி வருகிறார்கள். நெற்றியில் தேங்கிய ரத்தம் கீழே இறங்கியது அது. பிள்ளை சுறுசுறுப்பாக இருந்தால் கவலையில்லை. ஆனால் இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால், அல்லது காதுக்குப் பின்னால் கன்றியிருந்தால், மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்க வாய்ப்புண்டு.

நிறம் பச்சையாகி மஞ்சளாகி ஓரிரு வாரத்தில் மறையும். உள்ளே சிறு கட்டி மட்டும் சில வாரம் கையில் தட்டுப்படலாம்.

சரி, இதே புடைப்பு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவருக்கு வந்திருந்தால் என் பதில் வேறு. அவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே மெதுவாகக் கசியும் ரத்தம் பல மணி நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும்.