பத்து அனுப்பினால் எட்டுதான் போய்ச் சேருகிறதா?

"குடியாத்தத்துல இருந்து சேலத்துக்குப் பத்து லுங்கி கூரியர்ல போட்டேன். எட்டுதான் இருக்குன்னு வாங்கினவர் சொல்றார். கூரியர்ல கேட்டா 'டெலிவரி ஆயிடுச்சு'ன்னு முடிச்சுட்டாங்க. என்ன செய்யறது?"

முதலில் வாங்கியவரைக் கவனியுங்கள். "நாங்க சரியாத்தான் வெச்சோம்" என்று ஆரம்பித்தால் அவர் கோபத்தில் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவார். உங்கள் கிளைமுக்கு அந்தப் பெட்டிதான் ஆதாரம். இன்றைக்கே இப்படி அனுப்புங்கள்:

"வணக்கம். பெட்டியைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். லேபிள், டேப் ஒட்டிய எல்லாப் பக்கமும், வந்த 8 லுங்கியும் தெரியப் படம் எடுத்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் பெட்டியோடு மளிகைக்கடைத் தராசில் வைத்து, எடை தெரிய ஒரு படமும் வேண்டும். குறைந்த இரண்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன். கூரியர் பதில் வரும்வரை உங்களைக் காக்க வைக்க மாட்டேன்."

எடைதான் வழக்கைத் தீர்க்கும். ஒரு லுங்கி கால் கிலோ, பெட்டி 100 கிராம் என்றால் பத்துக்கு 2.6 கிலோ, எட்டுக்கு 2.1 கிலோ. ரசீதில் 2.6 இருந்து சேலத்தில் 2.1 காட்டினால் வழியில் போயிருக்கிறது. ரசீதிலேயே 2.1 என்றால் குறை உங்கள் கடையில். கிளைம் போட வேண்டாம்.

ஆனால் ரசீதில் இருப்பது தராசு எடைதானா என்று பாருங்கள். பெட்டி பெரிதாக இருந்தால் கூரியர்காரர்கள் அளவை வைத்தும் கணக்குப் போடுவார்கள். 40, 30, 15 செ.மீ. பெட்டியைப் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 3.6 கிலோ. உள்ளே எட்டு இருந்தாலும் பத்து இருந்தாலும் அதே 3.6தான். அது எதையும் நிரூபிக்காது. அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றி எழுதிய எடையையும் சேலத்துத் தராசு எடையோடு நேராக ஒப்பிட முடியாது. அதனால் ஒவ்வொரு ஹப்பிலும் மெஷினில் பதிவான நிஜ எடையை எழுத்தில் கேளுங்கள்.

டேப் படத்தையும் உற்றுப் பாருங்கள். உங்கள் டேப்பைக் கீறி, அதன்மேல் வேறு அகலத்தில் இன்னொரு டேப் ஓடியிருந்தால் அதையே கிளைமில் முதலில் வையுங்கள்.

கிளைம் என்பது போனில் புலம்புவதல்ல. டிராக்கிங் எண், புக்கிங் தேதி, எத்தனை குறைவு, இரண்டு எடைகள், பில் நகல், படங்கள் எல்லாம் ஒரே மெயிலில் போகட்டும். ரசீதின் பின்பக்கம் கெடு இருக்கும். தாண்டினால் கேட்கவே மாட்டார்கள். பொருள் குறைகிறது என்று எழுதியும் "டெலிவர்ட்" என்று புகாரை மூடுவது அக்கிரமம். அதே புகார் எண்ணைப் போட்டு மறுபடி எழுதுங்கள்.

இனி பஸ் ஸ்டாண்ட் புக்கிங் ஏஜென்ட் விஷயம். "மதிப்பு 100 ரூபாய்னு போட்டுக்கலாம் சார்" என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். நஷ்டஈடு அந்த நூறைத் தாண்டாது. கையெழுத்திட்ட ரசீதிலிருந்த வரம்பை 1996-இல் ஒரு கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றது. சில ஏஜென்ட்கள் தங்கள் கணக்கிலேயே புக் செய்வார்கள். அப்போது அனுப்பியவர் அவர். கம்பெனி உங்கள் மெயிலுக்குப் பதில் சொல்லாது. ரசீதில் அனுப்புநர் பெயரை இப்போதே பாருங்கள். அவர் பெயர் இருந்தால் கிளைம் கடிதத்தை அவரிடமே கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.